‘சூடானால்’

அன்புள்ள மீனா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, கோபப்படாதே. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் நேரில்.

என் ஐந்தாம் வகுப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 27 பிள்ளைகள். 16 பேர் வீட்டில் தமிழ்; மற்றவர்கள் ஒடியா, இந்தி, தெலுங்கு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த குடும்பங்கள். போன மாதம் பெரிய சார்ட்டை மாட்டி நீர்ச் சுழற்சி நடத்தினேன். “புரிஞ்சுதா?” என்றதும் எல்லாத் தலையும் ஆடியது. “தலை ஆடினா காத்துன்னு நினை” என்பாரே நம் வார்டன், அதேதான். மறுநாள் கேட்டால் பாதிப் பேர் வாய் திறக்கவில்லை.

சரி, முதலிலிருந்து திட்டமிட்டேன். நான்கே சொற்கள்: தண்ணீர், ஆவி, மேகம், துளி. வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று பிள்ளைகளையே கேட்டேன். மேகம் தெலுங்கிலும் மேகம், ஒடியாவில் மேக. அதற்கு மெனக்கெடவே வேண்டாம். ஆவி தெலுங்கில் ஆவிரி. இந்திப் பிள்ளைகளுக்கு ‘பாப்’, ஒடியாவில் ‘பாஷ்ப’. அங்கேதான் நேரம் தேவைப்பட்டது. கொதிக்கும் தண்ணீருக்கு மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்தேன். ஆறியதும் அடியில் கோர்த்த துளிகளை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்தார்கள். சார்ட்டைக் கழற்றிவிட்டு, அட்டைக்கு ஒரு படமாக வரைந்து கொடுத்தேன்.

அப்படியும் ஒரு இடத்தில் இடித்தது. சுபத்ரா நான்கு அட்டைக்கும் பெயர் சொல்கிறாள், வாக்கியம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அவளைத் தடுத்தது ஆவி இல்லை மீனா, ‘சூடானால்’! நான் பெயர்களை மட்டும் பொறுக்கியிருந்தேன். அவற்றைக் கோர்க்கும் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. “___ சூடானால் ___ ஆகும், ___ குளிர்ந்தால் ___ ஆகும்” என்று பலகையில் எழுதி, முதலில் ஐஸ்கட்டியை வைத்துப் பழக்கினேன். அப்புறம்தான் ஆவி.

ஜோடி சேர்த்ததிலும் ஒரு தப்பு. தமிழ்ப் பையன் அவள் நோட்டில் தானே எழுதிவிட்டான், கையெழுத்தே காட்டிக்கொடுத்தது. இப்போது முதல் ஐந்து நிமிடம் ஒரே மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ள வேண்டும். அடுத்து தமிழ் ஜோடி. ஜோடி பென்சிலைத் தொடக்கூடாது, அட்டையைக் காட்டி “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்கலாம். நேற்று சுபத்ரா நிறுத்தாமல் சொன்னாள்: “தண்ணீர் சூடானால் ஆவி ஆகும். ஆவி குளிர்ந்தால் துளி ஆகும்.” எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் ஒரு குழந்தை மனதை உறுத்துகிறாள். மயூர்பஞ்சிலிருந்து வந்தவள். ஒடிசா என்றதும் ஒடியாக்காரர்களோடு உட்கார வைத்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடமும் அவள் பேசுவதே இல்லை. கூச்சம் என்றே நினைத்திருந்தேன். அவள் வீட்டில் பேசுவது சந்தாலி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது; ஒடியாவும் அவளுக்கு அரைகுறைதான். ஒன்றரை மாதம், மீனா. அவள் அக்கா ஏழாம் வகுப்பில் இருக்கிறாள், நன்றாகத் தமிழ் பேசுகிறாள். நாளை முதல் பாடவேளைக்கு அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் அட்டையில் ‘தாக்’ என்று இன்றே எழுதிவிட்டேன். மற்ற மூன்றையும் அக்காவும் தங்கையும் சொல்ல வேண்டும்.

உன் வகுப்பில் இப்படி யாராவது உண்டா? உடனே எழுது.

அன்புடன்,
கலா