கோடையில் இழுத்துப் பார்த்த தூணை ஐப்பசியில் நம்பாதீர்கள்

தென் மாவட்டக் கரிசல் நிலங்களில் சூரிய மின்நிலையம் அமைக்கும் நிறுவனங்களின் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். தகடுகளைத் தாங்க மண்ணில் அடிக்கும் எஃகுத் தூண்களை இழுத்தும் பக்கவாட்டில் தள்ளியும் சோதிப்பது என் தொழில். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தபின், இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இங்கே தூண்களைச் சோதிக்க நீங்கள் வகுக்கும் முறையை மாற்றும்படி கேட்கவே இந்த மடல்.

நிலம் கைக்கு வருவது பெரும்பாலும் அறுவடை முடிந்த பிறகு. அதனால் சோதனை பங்குனியிலோ சித்திரையிலோ நடக்கிறது. அப்போது கரிசல் கல்லாக இறுகிக் கிடக்கும். முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கில் லோடு செல்லைக் கோத்து இழுத்தால் தூண் அசையவே மறுக்கும். அறிக்கையைப் பார்க்கிற எவருக்கும் மனம் குளிர்ந்துவிடும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது அந்த மாதத்துக்கு மட்டுமே உண்மை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150-க்கு 60 மில்லிமீட்டர் அளவுள்ள சி வடிவத் தூண் 1.8 மீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அதன் வெளிச்சுற்றளவு 0.42 மீட்டர். ஆக, மண் பிடிக்கும் பரப்பு சுமார் 0.75 சதுர மீட்டர். கோடையில் 24 கிலோநியூட்டன் வரை, அதாவது ஏறக்குறைய 2,400 கிலோ வரை தாங்கினால், சதுர மீட்டருக்கு 32 கிலோநியூட்டன் பிடிப்பு. காற்று அந்தத் தூணைத் தூக்கும் விசை 8 கிலோநியூட்டன் என்றால் மூன்று மடங்கு பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். அடைமழையில் ஊறிய களியில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் மிஞ்சுவது 8 கிலோநியூட்டன்தான். காற்றின் விசையும் அதே 8. பாதுகாப்பு என்று எதுவும் மிச்சமில்லை.

காற்றே வீசாவிட்டாலும் தூண் மேலே வரும். மழைநீர் மேலிருந்து இறங்குகிறது. மேல் ஒரு மீட்டர் களி ஊறி உப்பும்போது, தான் பற்றியிருக்கும் தூணையும் சேர்த்தே தூக்கும். அங்கே பிடிப்பு சதுர மீட்டருக்கு 20 என்று கொண்டால் மேல்நோக்கிய விசை 8.4 கிலோநியூட்டன். தூணைக் கீழே பிடித்து வைக்க இருப்பவை, தகடு முதலியவற்றின் எடை ஒரு 2 கிலோநியூட்டன், அடியில் உள்ள 0.8 மீட்டரின் பிடிப்பு. அந்த அடிப்பகுதியும் ஈரமாகி 10-க்கு இறங்கிவிட்டால் அது தருவது 3.4 மட்டுமே. தூக்குவது 8.4, பிடிப்பது 5.4. கோடை வந்ததும் தூண் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். இடைவெளியில் மண் உதிர்ந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த பருவமழை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே வரிசையில் ஒன்று உயர்ந்து பக்கத்துத் தூண் உயராமல் நின்றால் சட்டம் முறுக்கிக்கொண்டு கண்ணாடி விரிசல் விடும்.

இது நம் நாட்டுக்குத் தெரியாத செய்தியல்ல. கரிசல் மண்ணுக்கென்றே அடி அகன்ற கான்கிரீட் கடைகால் தூண்களுக்கு ஐ.எஸ். 2911, பாகம் 3 இருக்கிறது. உப்பும் மண் ஆழமாக உள்ள இடத்தில் அந்தத் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டிக் கால் ஊன்ற வேண்டும் என்பதே காரணம். நம் எஃகுத் தூண்களோ இரண்டு மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. தூண் முழுவதும் உப்பும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இதை வடிவமைப்பில் பார்க்காமல் விடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பக்கவாட்டுச் சோதனையில் சிக்கல் வேறு விதம். மாசி, பங்குனியில் ஏற்கெனவே ஒரு மழைக்காலம் கண்ட தூணின் அருகே குனிந்து பாருங்கள். மண் சுருங்கித் தூணை விட்டு விலகியிருக்கும். வெடிப்பில் ஒரு குச்சியை விட்டால் முழங்கை ஆழத்துக்குத் தடையின்றி இறங்கும். பக்கவாட்டு விசையைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்த மேல்மண்ணுக்குத்தான். அங்கே பிடிப்பே இல்லையென்றால், காகிதத்தில் 1.8 மீட்டர் புதைந்த தூண் உண்மையில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகப் புதைந்தது போலத்தான் நடந்துகொள்ளும். நேற்று அடித்து இன்று தள்ளிப் பார்க்கும் தூணில் இந்த இடைவெளி இன்னும் உருவாகியிருக்காது. ஐ.எஸ். 2911, பாகம் 4 பக்கவாட்டுச் சோதனைக்குச் சொல்லும் 5 மில்லிமீட்டர் நகர்வு எல்லைக்குள் அது எளிதில் நின்று தேறிவிடும். ஆகவே தூணைச் சுற்றி மேல் 40 சென்டிமீட்டர் மண்ணை அகற்றிவிட்டு ஒருமுறை தள்ளிப் பாருங்கள். தரைமட்டத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று என இரண்டு டயல் கேஜ் வையுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் தூண் நகர்ந்ததா, சாய்ந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

அடுத்தது, எந்த இடத்தில் சோதிப்பது என்பது. இத்தனை ஏக்கருக்கு ஒன்று என்று வரைபடத்தில் கட்டம் போட்டு இடம் குறிக்கிறீர்கள். நிலம் கட்டம் பார்த்து மாறுவதில்லை. கண்மாயை ஒட்டிய பள்ளத்தில் களி ஆழமாக இருக்கும். மேட்டில் ஒரு மீட்டருக்குள் சுக்கான் தட்டும். அங்கே தூண் இறங்க மறுத்தால், மிஞ்சிய தலையை அறுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வரிசை ஒரே உயரத்தில் அழகாக நிற்கும். புதைந்த ஆழம் வெளியே தெரியாது. வேறு சில இடங்களில் முன்துளை போட்டு அடிக்கிறார்கள். சோதித்ததோ துளையில்லாமல் அடித்த தூணை. துளையில் தளர்ந்த மண் அதே பிடிப்பைத் தராது.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. அடிக்கும் இயந்திரம் ஒவ்வோர் அரை மீட்டருக்கும் எத்தனை விநாடி எடுத்தது என்று ஒவ்வொரு தூணுக்கும் எழுதச் சொல்லுங்கள். சோதனைத் தூண்களின் கால அளவை அருகில் வைத்துப் பார்த்தால், மண் எங்கே மாறுகிறது என்பது தானே தெரிந்துவிடும். திடீரென்று விரைவாக இறங்கியவற்றையும், பாதியில் நின்றவற்றையும், முன்துளையில் அடித்தவற்றையும் தனித்தனிக் குழுவாக்கி அங்கங்கே இழுத்துப் பாருங்கள்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்பீர்கள். தெரிந்ததுதான். குறைந்தபட்சம் ஈரச் சோதனையாவது வையுங்கள். தூணைச் சுற்றி அரை மீட்டர் தள்ளி, அது புதைந்த ஆழத்துக்குக் கைத்துளைகள் போட்டு மணல் நிரப்பி, வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்குங்கள். களியில் நீர் மெல்லத்தான் இறங்கும், வாரக்கணக்கில் ஆகலாம். இழுப்பதற்கு முன் ஒரு மீட்டரிலும் ஒன்றரை மீட்டரிலும் மண் எடுத்து ஈரப்பதம் பாருங்கள். மேலே சேறாகவும் அடியில் கல்லாகவும் இருந்தால் அந்தச் சோதனை செல்லாது. முக்காலியின் கால்களும் தூணை ஒட்டி நிற்கக் கூடாது. அவை அழுத்தும் மண் தூணை இறுக்கி எண்ணை உயர்த்திக் காட்டும்.

அடுத்த ஒப்பந்த ஆவணத்தில் இவற்றை எழுதுங்கள்: அறிக்கையில் சோதனைத் தேதியுடன் ஆழவாரியான ஈரப்பதமும் இருக்க வேண்டும், தலை அறுத்த தூண்களின் பட்டியல் தனியே தரப்பட வேண்டும், ஈரச் சோதனைக்கு அட்டவணையில் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்கப்பட வேண்டும். இவை இல்லாத அறிக்கையை வைத்துத் தூணின் நீளத்தை முடிவு செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
தூண் சோதனைப் பொறியாளர் ஒருவர்