சாம்பார் பொடி மொத்தமாக வாங்க விரும்புவோருக்கு ஓர் அரவைக்காரரின் திறந்த மடல்

மளிகைக் கடை உரிமையாளர்களுக்கும், உணவகமும் மெஸ்ஸும் நடத்துவோருக்கும், விடுதிச் சமையற்கூடங்களுக்குப் பொருள் வாங்கித் தரும் பொறுப்பில் உள்ளோருக்கும் வணக்கம்.

ஈரோட்டில் சாம்பார் பொடியும் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் அரைத்து மொத்த விலைக்கு அனுப்பி வருகிறோம். தொலைபேசியில் விலை கேட்போர் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். ஐந்து கிலோ மட்டும் தர முடியுமா, கூடுதலாக எடுத்தால் எவ்வளவு குறையும், சாம்பிள் இலவசமா என்பவை அவை. இவற்றுக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்வது நியாயமாகாது என்பதால், எங்கள் விதிகளையும் அவற்றுக்குக் காரணமான கணக்கையும் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலில் எழுதுகிறேன். கணக்கு எளிதில் விளங்கும் பொருட்டு, நாங்கள் அதிகம் அரைக்கும் சாம்பார் பொடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் குறைந்தபட்ச அளவு. ஒரு பொடிக்கு 25 கிலோவுக்குக் கீழ் நாங்கள் ஆர்டர் எடுப்பதில்லை. சாம்பார் பொடியை அரைத்துக் குவித்து வைத்திருந்து விற்பதில்லை என்பதும், ஆர்டர் வந்த பிறகே வறுத்து அரைக்கிறோம் என்பதும் இதற்குக் காரணம். முந்தைய நாள் மிளகாய்த் தூள் ஓடிய பல்வரைசரில் அப்படியே சாம்பார் பொடியை அரைத்தால் முதல் சில கிலோ சிவந்தும் காரமேறியும் வரும். ஆகவே இயந்திரத்தைத் திறந்து, சல்லடையைக் கழற்றி, உள்ளறையையும் தூள் பிடிக்கும் துணிப்பையையும் இருவர் தூரிகையால் தேய்த்துக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் மூலைகளில் ஒட்டியிருப்பது போக, இரண்டு கிலோ மல்லியை ஓடவிட்டு அந்தத் தூளை ஒதுக்கிவிடுகிறோம். அரவை முடிந்ததும் உள்ளறையிலும் துணிப்பையிலுமாக ஏறத்தாழ ஒரு கிலோ பொடி தங்கிவிடுகிறது. அதை எடுத்து அடுத்தவர் சரக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வேலைக்கூலி 400 ரூபாய், ஒதுக்கும் மல்லி 230 ரூபாய், தங்கிப்போகும் பொடி 270 ரூபாய் என ஆர்டர் ஒன்றுக்கு 900 ரூபாய் ஆகிறது. அரைப்பது ஐந்து கிலோ ஆனாலும் ஐந்நூறு கிலோ ஆனாலும் இந்தத் தொகை ஏறத்தாழ மாறுவதில்லை. ஐந்து கிலோவுக்கு இதைப் பங்கிட்டால் கிலோவுக்கு 180 ரூபாய் ஏறும். அந்த விலைக்குக் கடைக்காரர் வாங்கி விற்க முடியாது. 25 கிலோவுக்குப் பங்கிட்டால் 36 ரூபாய் மட்டுமே ஏறும் என்பதால் அந்த இடத்தில் எல்லைக்கோடு போட்டோம். சிறிய கடைகளை ஒதுக்குவது எங்கள் எண்ணமில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து எங்கள் வழக்கமான கலவையை ஒரே முகவரிக்குக் கேட்டால், அதை ஒரே ஆர்டராகவே கணக்கிட்டு, மூட்டைகளைத் தனித்தனியே கட்டித் தருகிறோம்.

விலை அடுக்குகளும் இதே கணக்கிலிருந்து பிறப்பவைதாம். எங்கள் வழக்கமான கலவையில் நூறு கிலோ மூலப்பொருளுக்கு மல்லி 45 கிலோ, மிளகாய் வற்றல் 25 கிலோ, துவரம்பருப்பு 12, கடலைப்பருப்பு 8, சீரகமும் மிளகும் மும்மூன்று, வெந்தயமும் மஞ்சளும் இவ்விரண்டு கிலோ. வறுக்கும்போது ஈரம் போய், அரைக்கும்போது தூசியாகப் பறந்து, கைக்கு வருவது 93 கிலோ. இன்றைய கொள்முதல் விலையில் ஒரு கிலோ பொடிக்குள் இருக்கும் பொருளின் விலை ஏறத்தாழ 168 ரூபாய். வறுவல், மின்சாரம், ஆள்கூலி, மூட்டை, வாடகை, எங்கள் லாபம் ஆகியவற்றைச் சேர்த்தால் கிலோ 240 ரூபாயில் நிற்கிறது. இதன் மேல்தான் அந்த 900 ரூபாயின் பங்கு ஏறுகிறது.

ஆகவே 25 கிலோ முதல் 49 கிலோ வரை எடுப்போருக்கு கிலோ 276 ரூபாய். 50 முதல் 99 வரை 258 ரூபாய். 100 முதல் 249 வரை 249 ரூபாய். 250 கிலோவும் அதற்கு மேலும் எடுப்போருக்கு 244 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் வண்டி வாடகையும் தனி. 250 கிலோவுக்கு மேல் விலை இறங்காததற்கும் காரணம் இதுவே: அங்கே பங்கு வெறும் 4 ரூபாய்க்கு வந்துவிட்டது, அதற்குக் கீழே குறைக்க வேண்டுமென்றால் மல்லியிலோ மிளகாயிலோதான் கை வைக்க வேண்டும். அதை நாங்கள் செய்ய மாட்டோம். வேறெங்கேனும் இதைவிட மிகக் குறைந்த விலை சொல்லப்பட்டால், மிளகும் சீரகமும் எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கலவையில் விலை மிகுந்த பொருள்கள் அவை இரண்டுமே, அவற்றைக் குறைத்தால் நிறத்தில் தெரியாது, நாக்கில்தான் தெரியும்.

இந்த அடுக்கு முறையில் ஒரு கோணல் இருக்கிறது, அதை நாங்களே சொல்லிவிடுகிறோம். அடுக்கு விலை மொத்த எடைக்கும் பொருந்துவதால், 47 கிலோ கேட்பவருக்கு 276 ரூபாய் வீதம் 12,972 ரூபாய் வரும். ஆனால் 50 கிலோவுக்கே 12,900 ரூபாய்தான். 97 கிலோ கேட்பவருக்கும் இதே நிலை. இவ்வாறு வரும்போது கேட்ட எடையை அனுப்பிவிட்டு, இரண்டு தொகைகளில் குறைந்ததற்கே பில் போடுகிறோம். அதேசமயம், அடுக்கு விலைக்காக மட்டும் தேவைக்கு மீறி எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூட்டை பிரித்த பொடியின் மணம் நாளுக்கு நாள் குறையும். இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கக்கூடிய அளவை வாங்கினால் கிலோவுக்கு மிச்சப்படும் 18 ரூபாயைச் சமையற்கட்டில் கூடுதலாகப் பொடி போட்டே இழந்துவிடுவீர்கள்.

நாங்கள் எழுதித் தரும் விலை 15 நாள்களுக்குச் செல்லும். மிளகாய் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால், கலவையில் அதன் பங்கு நான்கில் ஒன்று என்பதாலும் கழிவு போவதாலும், பொடிக்கு ஏறத்தாழ 11 ரூபாய் ஏறும். ஏற்றியதையும் இறக்கியதையும் இந்தக் கணக்கோடு எழுதியே அனுப்புவோம்.

அடுத்து மாதிரி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் மசாலா வியாபாரத்தில் எழும் சண்டைகளில் பெரும்பகுதி மாதிரிக்கும் சரக்குக்கும் இடையில் எழுவதுதான்.

வழக்கமான கலவைக்கு மாதிரி இலவசம், கூரியர் செலவு மட்டும் கேட்பவருடையது. ஒரே அரவையிலிருந்து 200 கிராம் வீதம் மூன்று உறைகள் கட்டுகிறோம். மூன்றிலும் அரவை எண்ணும் அரைத்த தேதியும் இருக்கும். இரண்டு உங்களுக்கு வரும்: ஒன்றைப் பிரித்துச் சமைத்துப் பாருங்கள், மற்றொன்றைப் பிரிக்காமல் வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். மூன்றாவது எங்களிடம் முத்திரையோடு ஆறு மாதம் இருக்கும்.

பிரிக்காத உறை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு விடுதி மெஸ்ஸுக்கு 50 கிலோ அனுப்பியபோது, மாதிரியைவிடச் சரக்கு அதிகம் சிவந்திருக்கிறது, செயற்கை நிறம் சேர்த்திருக்கிறீர்கள் என்று புகார் வந்தது. மசாலாப் பொடியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை, எனவே அது எளிதாகக் கடந்துபோகக்கூடிய சொல் அன்று. நேரில் போய்ப் பார்த்தேன். அவர்கள் ஒப்பிட்டது, மூடி சரியாக இல்லாத கண்ணாடிப் புட்டியில், ஜன்னலோரம் இரண்டு மாதம் இருந்த மாதிரி. மிளகாயின் சிவப்பு வெளிச்சத்திலும் காற்றிலும் வெளுக்கும் தன்மையுடையது. எங்களிடம் இருந்த முத்திரை உறையை அவர்கள் முன்னிலையில் பிரித்து, மூன்று பொடிகளையும் ஒரே வெள்ளைத் தாளில் அருகருகே வைத்து அழுத்திப் பார்த்தபோது, உறையும் சரக்கும் ஒன்றாகவும் புட்டிப் பொடி மட்டும் வெளுத்தும் இருந்தன. அன்றிலிருந்துதான் இரண்டாவது உறையை வாங்குவோரிடமே கொடுத்து வைக்கிறோம். எங்கள் உறையை மட்டும் நம்பச் சொல்வது முறையாகாது என்று எனக்குத் தோன்றியது.

சமைத்துப் பார்க்கும்போது, ஒரே பருப்புத் தண்ணீரை இரண்டு பாத்திரங்களில் சம அளவு எடுத்து, இப்போது நீங்கள் வாங்கும் பொடியை ஒன்றிலும் எங்களுடையதை மற்றொன்றிலும் எடை போட்டுச் சேருங்கள். கரண்டி அளவு ஏமாற்றும், நைசாக அரைத்த பொடியும் கொரகொரப்பான பொடியும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. சுவையை இறக்கியவுடனும், ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். மெஸ்ஸில் சாப்பிடுவோர் பெரும்பாலும் உண்பது அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சாம்பாரைத்தான்.

தங்கள் சொந்தக் கலவையை அரைத்துத் தரக் கேட்போருக்குக் குறைந்தபட்ச அளவு 50 கிலோ. அதற்கான மாதிரி இரண்டு கிலோ அளவில் தனியே வறுத்து மிக்ஸியில் அரைக்கப்படுவதால் 600 ரூபாய் வாங்குகிறோம், முதல் ஆர்டரில் அதைக் கழித்துவிடுவோம். இந்த மாதிரியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மிக்ஸியில் அரைத்ததும் பல்வரைசரில் அரைத்ததும் முற்றிலும் ஒன்றாக இருக்காது. பெரிய இயந்திரத்தில் தொடர்ந்து ஓடும் பொடி சூடேறி வரும், அதனால் மணம் சற்று மாறும். நைசும் வேறுபடும். ஆகவே சொந்தக் கலவையில், முதல் அரவையிலிருந்து எடுத்த புதிய உறையை அனுப்பி, நீங்கள் ஒப்புதல் எழுதித் தந்த பின்பே மூட்டைகளை வண்டியேற்றுகிறோம்.

அரைத்த சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே நீர் கோத்துப் பொடி கட்டி தட்டும். ஒருமுறை அவசரத்தில் அந்தத் தவற்றைச் செய்து, ஒரு மூட்டை முழுவதையும் திரும்ப எடுத்தோம். இப்போது பொடியைப் பரப்பி ஓர் இரவு ஆறவிட்ட பிறகே கட்டுகிறோம். அதனால்தான் ஆர்டர் உறுதியான நாளிலிருந்து நான்கு நாள் கேட்கிறோம், நாளைக்கே வேண்டும் என்றால் எங்களால் இயலாது. சரக்கு வந்ததும் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். கட்டி இருந்தாலோ, உங்கள் உறையோடு ஒத்துவராவிட்டாலோ, ஏழு நாளுக்குள் சொன்னால் பிரிக்காத மூட்டைகளோடு பிரித்த அந்த ஒன்றையும் எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

விலை கேட்டு எழுதுவோர், மாதத்துக்கு எத்தனை கிலோ தேவை, எங்கள் கலவையா தங்கள் கலவையா, கடையில் சில்லறையாக விற்கவா அல்லது சமைக்கவா, மூட்டை 5 கிலோவா 25 கிலோவா, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றைக் குறிப்பிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். இவை தெரிந்தால் அன்றே விலையை எழுதி, மாதிரி உறைகளையும் மறுநாள் கூரியரில் சேர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
அரவைக்கூடப் பொறுப்பாளர்,
ஈரோடு.