பேனாவால் சேர்த்த ஓர் எழுத்து

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆழியாற்றுத் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் இரண்டு நாள் முறை இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. தென்னைக்குப் பாய்ச்சி முடித்தாயிற்று. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாள். தெரியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதனால்தான் உங்கள் குடும்ப வரலாற்றையும் எங்களைப் போல ஆங்கிலத்தில் எழுதப் போகிறாய். உறவுச் சொற்களை என்ன செய்தோம் என்று கேட்டிருக்கிறாய் அல்லவா, அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அந்த வேலையில் நாங்கள் மிகவும் பாடுபட்ட இடம் அதுதான்.

எங்கள் புத்தகத்தை நான்கு பேர் எழுதினோம். நான், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை, துபாயில் இருக்கும் சித்தப்பா மகன், கொச்சியில் காலேஜ் படிக்கும் அண்ணன் மகள். யாரும் யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரவர் வாயில் வந்தபடி, கை போனபடி எழுதி அனுப்பினார்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, பத்துப் பிரதி அச்சடித்து அனுப்பினேன்.

ஓணம் விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் வந்தது. பையன் ஏழாம் வகுப்பு. அவன் பிரதியைப் பாட்டியிடம் காட்டச் சொன்னேன். பையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்றான். பிறகு நானே எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு சின்னக் கூரை போட்டு, அதன் மேல் ஒரு `a` எழுதி வைத்திருந்தான். அவன் அக்கா எங்கெல்லாம் `Patti` என்று எழுதியிருந்தாளோ அங்கெல்லாம். நாற்பது இடமாவது இருக்கும். பள்ளியில் கூட்டாளிகளிடம் காட்டியிருக்கிறான். அவர்கள் மலையாளம் படிக்கிற பிள்ளைகள். `Patti` என்றால் அவர்கள் கண்ணுக்கு பட்டிதான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது உனக்கும் தெரியும், சித்தூர் சந்தையில் வளர்ந்தவன்தானே நீ. "பட்டி எங்களுக்குச் சோறு ஊட்டினாள்" என்று வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல், ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறான். அதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கே மீதிப் பிரதிகளைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஆங்கில எழுத்தில் அ, ஆ இரண்டுக்கும் ஒரே `a`. த, ட இரண்டுக்கும் `t` போட இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நெடிலுக்கு மேலே கோடு, டகரத்துக்குக் கீழே புள்ளி. அதன்படி தாத்தா `tāttā`, பாட்டி `pāṭṭi`. முதலில் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் யாருடைய போனிலும் அந்தக் கோடும் புள்ளியும் சட்டென்று கிடைப்பதில்லை. தட்டச்சு செய்பவர் அதை விட்டுவிட்டால், பாட்டி, பட்டி, பத்தி, பாத்தி நான்கும் `patti` என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. படித்தவர்களுக்கு அது நல்ல முறை. பத்துப் பேர் தொட்டு எழுதும் வீட்டுப் புத்தகத்துக்கு அது தாங்காது. அதனால் நம் பக்கத்தில் எல்லாரும் பழகியபடி தகரத்துக்கு `th`, டகரத்துக்கு `t` என்று வைத்துக்கொண்டோம். மலையாளம் படிக்கிறவர்களும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

நெடிலில்தான் சண்டை வந்தது. எல்லா ஆகாரத்துக்கும் `aa` போட வேண்டும் என்றாள் தங்கை. அப்படியானால் தாத்தா `Thaaththaa` ஆகும், அம்மா `Ammaa` ஆகும். பிறந்தநாள் அட்டையில் பல வருஷமாகப் பிள்ளைகள் எழுதி வந்த `Thatha`வை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. எழுத்துக்கு ஒரு விதி என்பதை விட்டு, சொல்லுக்கு ஒரு வடிவம் என்று கடைசியில் முடிவு செய்தோம். சொல் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அது ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒற்றை `a` போட்டால் வேறு சொல்லாக மாறிப்போகும் இடத்தில் மட்டும் இரட்டை. `Paatti` அப்படி வந்தது, பையன் பேனாவால் போட்டபடியே. `Maama`வும் அப்படித்தான். துபாயில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு `Mama` என்றால் அம்மா. மாமா தோட்டத்துக் கிணற்றில் இறங்கி மோட்டாரைத் தூக்கிய கதையை அம்மா செய்ததாகவே அவள் புரிந்துகொண்டிருந்தாள். சித்தியை `Chitti` என்று எழுதினால் கேரளத்தில் சீட்டுக் கம்பெனிச் சீட்டு. அதனால் `Chithi`.

இன்னொரு சொல்லைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்றவரை நாங்கள் அப்பிச்சி என்போம். உங்கள் வீட்டிலும் அதே சொல்தான் என்று ஞாபகம். தங்கை அதை `Appachi` என்று எழுதியிருந்தாள். கொல்லத்துப் பக்கம் அப்பச்சி என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள். எங்கள் அண்ணி அந்தப் பக்கத்துக்காரி. எட்டு பக்கம் வாசித்த பிறகுதான், மீசை வைத்த மனிதரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டதாம். ஓர் `i` போட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம்: `Appichi`. அம்மிச்சிக்கும் அதே கதை. `Ammachi` என்று போட்டால் இங்கே பல கிறிஸ்தவ வீடுகளில் அது பெற்ற தாயைக் கூப்பிடும் சொல். `Ammichi` என்று போட்டோம்.

எழுத்தைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. என் அத்தியாயத்தில் `Appa` என்றால் என் அப்பா. அண்ணன் மகள் எழுதியதில் `Appa` என்றால் என் அண்ணன். அம்மா பேசியதைப் பதிவு செய்து எழுதிய அத்தியாயத்தில் `Appa` என்றால் அப்பிச்சி. ஒரே எழுத்து, மூன்று மனிதர்கள். மறுபக்கம், அம்மா ஒருத்தியே `Amma`வாகவும் `Paatti`யாகவும் `Periyamma`வாகவும் நடமாடினாள். சித்தப்பா மகனுக்கு அவள் பெரியம்மா அல்லவா. நம் உறவுச் சொல் யார் வாயிலிருந்து வருகிறதோ அவரைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்காமல் எழுத்தை மட்டும் ஒன்றாக்கினால், படிக்கிறவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். முன்பு எழுத்து வேறாக இருந்ததால் ஆள் வேறு என்று ஊகிக்கவாவது முடிந்தது.

படிக்கப் போகிறவர்கள் பிள்ளைகள். அதனால் பொது அத்தியாயங்கள் எல்லாம் அண்ணன் மகளின் வாயிலிருந்து வருவதாக வைத்தோம். என் அப்பா `Thatha`, அம்மா `Paatti`, நான் `Chithappa`. அப்பிச்சி மட்டும் விலக்கு. முறைப்படி அவர் அவளுக்குக் கொள்ளுத் தாத்தா. ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. அதை மாற்ற யாருக்கும் மனமில்லை.

ஆனால் அப்பா இறந்த நாளை நான் எழுதியிருந்தேன். அதில் `Appa` இருந்த இடத்தில் `Thatha` என்று மாற்றிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய சாவைப் போலிருந்தது. என்னால் அப்படி விட முடியவில்லை. அதனால் சொந்த வாயில் சொல்லும் அத்தியாயங்களில் சொல்பவரின் சொல்லே இருக்கட்டும் என்று விட்டோம். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தோம். என் அத்தியாயத்தில் இப்படி:

```
Told by Chithappa. Appa here is Thatha.
```

அம்மாவின் அத்தியாயத்தில் `Told by Paatti. Appa here is Appichi.` என்று இருக்கிறது. இது போதுமானதாக இருந்தது. எந்தப் பிள்ளையும் அதற்கு மேல் கேட்கவில்லை.

திருத்தும்போது ஒரு தப்பு செய்தேன், நீ செய்துவிடாதே. `patti`யை எல்லா இடத்திலும் ஒரே தட்டில் `Paatti` ஆக்கினேன். உசிலம்பட்டிக்குப் பெண் எடுக்கப் போன கதை இருக்கிறதே, அதில் ஊர் `UsilamPaatti` ஆகிவிட்டது. `Tata` என்று துபாய்க்காரன் எழுதியதை `Thatha` ஆக்கியபோது, தேங்காய் ஏற்றிப் போன டாடா லாரி தாத்தா லாரியாகிவிட்டது. `Find whole words only` என்பதில் டிக் போட்டால் உசிலம்பட்டி பிழைக்கும், லாரி பிழைக்காது. அதனால் மொத்தமாக மாற்றாமல், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்று. இரண்டு மாலை போதும். மாற்றி முடித்த பிறகு, நீ ஒப்புக்கொண்ட வடிவங்களை மட்டும் கணினியின் அகராதியில் சேர்த்துவிடு. அப்புறம் யாராவது `Thaatha` என்று எழுதினால் அடியில் சிவப்புக் கோடு விழும். `Mama` ஆங்கிலத்திலும் உள்ள சொல் என்பதால் கோடு விழாது, அதை நீயேதான் தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் நாங்கள் தொடவில்லை. அப்பா பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதிய இன்லண்ட் கடிதங்கள் நான்கு இருக்கின்றன. கடைசியில் `your loving Thathaa` என்று முடிவில் இரண்டு `a` போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். தங்கை திருத்தப் போனாள். வேண்டாம் என்றேன். அவர் கையால் எழுதியது அப்படியே அச்சாகட்டும். நாங்கள் சேர்த்த விதிகள் எங்கள் எழுத்துக்கு மட்டும்தான்.

ஐந்தாறு சொற்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே தமிழிலும் எழுதி, எழுதுகிற ஒவ்வொருவருக்கும் முதலிலேயே அனுப்பிவிடு. எங்களைப் போல அச்சடித்த பிறகு திரும்ப வாங்க வேண்டியிருக்காது. உன் அம்மாவின் அம்மாவை நீங்கள் அம்மிச்சி என்றீர்களா, அமுச்சி என்றீர்களா? உங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் கடலை உரித்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. நீ கூப்பிட்ட சத்தம்தான் சரியாக நினைவில்லை. உன் அக்காவிடம் கேட்டுவிட்டு எழுது.

பையன் பேனாவால் திருத்திய பிரதியை நான் வைத்துக்கொண்டேன். அவனுக்குப் புதியது கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்