595 போலி இல்லைங்க: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

"அந்தக் கடை எட்டு விளக்கு கிட்டில் போலி 595, மூணாவது எல்இடியை எரியச் சொன்னா ரெண்டாவது எரியுது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒரு வாரமாகச் சுற்றுகிறது. விளக்கு இடம் மாறுவது உண்மை. போலி என்ற சொல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது, பதினாறு வருஷமாக உதிரிப் பாகம் விற்கிற எங்களை அப்படி யாரும் சொன்னதில்லை.

595 என்பது அந்த எட்டு விளக்கையும் இயக்கும் சிப், அதற்குள் பிட்டுகள் நிற்க இரண்டு வரிசை இருக்கிறது. 14ஆம் காலில் வரும் பிட், 11ஆம் காலில் கிளாக் ஏறும்போதெல்லாம் முதல் வரிசையின் முதல் இடத்துக்குள் நுழையும், ஏற்கெனவே உள்ளே இருப்பவை தலைக்கு ஓர் இடம் தள்ளிப் போகும். பஸ்ஸில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கண்டக்டர் நெருக்குவது மாதிரிதான். இந்தத் தள்ளுமுள்ளு எல்இடிக்குத் தெரியாது. 12ஆம் காலில் துடிப்பு ஏறினால்தான் எட்டு பிட்டும் ஒரே நேரத்தில் இரண்டாம் வரிசைக்கு நகலாகி வெளியே தெரியும். ஒற்றைக் கம்பியில் ஒவ்வொன்றாக வந்தது எட்டுக் கம்பியில் மொத்தமாக வெளிவருவது இப்படித்தான். மூணாவது எல்இடியை எரியச் சொல்லும் ஆர்டுயினோ வரிகள் இவை:

```
digitalWrite(latchPin, LOW);
shiftOut(dataPin, clockPin, MSBFIRST, 0b00000100);
digitalWrite(latchPin, HIGH);
```

இதில் முதலில் ஐந்து பூஜ்யம் போகும். ஆறாவது துடிப்பில் 1 உள்ளே வந்து முதல் இடத்தில் நிற்கும், ஏழாவதில் இரண்டாம் இடம், எட்டாவதில் மூன்றாம் இடம். சரி, 11ஐயும் 12ஐயும் ஒரே கம்பியில் முடிந்துவிட்டால்? எட்டாவது துடிப்பில் தள்ளுவதும் நகலெடுப்பதும் ஒரே நொடியில் நடக்கும், நகலில் விழுவது தள்ளுவதற்கு முந்தைய நிலை. அதனால் இரண்டாவது விளக்கு எரியும், எட்டாவது விளக்கில் போன தடவை அனுப்பியதன் கடைசி பிட் மிச்சமாக நிற்கும். சந்தேகமிருந்தால் ஒரு துடிப்பு கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள், 1 தன் இடத்துக்கு வந்துவிடும். சிப் கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது!

(கிட்டோடு வைத்த தாளின் முதல் அச்சில் அந்த இரண்டு கால்களும் சேர்ந்திருப்பதுபோல் வரைந்திருந்தது, இப்போது மாற்றிவிட்டோம்.)

165 சிப் போட்ட பட்டன் போர்டு வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நேர் எதிர் வேலை: 1ஆம் காலைத் தாழ்த்தினால் எட்டுப் பட்டனையும் ஒரே நேரத்தில் உள்ளே வாங்கும், உயர்த்தியபின் ஒவ்வொன்றாக 9ஆம் காலில் வெளியே விடும். முதல் பிட் கிளாக் கொடுப்பதற்கு முன்பே அங்கே வந்து நிற்கும். shiftIn கிளாக்கை ஏற்றிவிட்டுத்தான் படிக்கிறது, அதனால் அந்த முதல் பிட் தவறிப்போகும். முதலில் digitalRead, அப்புறம் கிளாக் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தியை நம்பாமல் பிரெட்போர்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்து, கவுண்டரில் வைத்து எங்களோடு கம்பி மாற்றிப் பார்த்தீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பழைய தாளைக் கொண்டுவந்தால் புதியதும் ஒரு கட்டு ஜம்பர் கம்பியும் காசில்லாமல் தருகிறோம். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.

அன்புடன்,
கடைக்காரர்