அக்கா சொன்னதும் காலண்டர் சொன்னதும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இரண்டு பக்கம் அக்காவோடு போட்ட சண்டை! 2022 தை அமாவாசைக்கு நீ ஜனவரி 31 அன்று எள்ளும் தண்ணீரும் இறைத்தது தப்பு என்று அவர் இன்னுமா சொல்கிறார்?

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு அமாவாசைத் திதி பிறந்ததே மதியம் 2.18 வாக்கில்தான். முடிந்தது மறுநாள் காலை 11.15க்கு. அப்படியானால் சூரிய உதயத்தில் அமாவாசை இருந்தது பிப்ரவரி 1 அன்றுதான். விரதம், பண்டிகை பலவற்றுக்கு உதயத் திதியைப் பார்ப்பார்கள். பிதுர் காரியத்துக்கு அது செல்லாது.

பகலை ஐந்து கூறாக்கி நாலாவது கூற்றைப் பார்க்க வேண்டும். அபராஹ்ன காலம் என்பார்கள். நம் கரையில் அந்த நாட்களில் சூரியன் 6.35க்கு உதித்து 6.18க்கு அடைகிறது. ஒரு கூறு இரண்டு மணி இருபது நிமிஷம். மூன்று கூறு கழிந்தால் மதியம் 1.37, அங்கிருந்து நான்கு மணி வரை பிதுர்வேளை. 31ஆம் தேதி அந்த நேரத்துக்குள் அமாவாசை வந்துவிட்டது. 1ஆம் தேதி அந்த வேளை தொடங்கும்போது பிரதமை நடந்துகொண்டிருந்தது. அதனால் காலண்டரில் போட்டது சரி.

அந்த 31ஆம் தேதி விடியலில் கடற்கரைக்குப் போயிருந்தேன். கிழக்கே நூல் மாதிரி ஒரு கீற்று நிலா. சூரியனுக்கும் நிலவுக்கும் இடைவெளி 12 பாகைக்குள் சுருங்கினால்தான் அமாவாசைத் திதி. கண்ணுக்கு நிலா தெரிகிறதென்றால் இன்னும் சதுர்த்தசிதான். விடியலிலேயே தலைமுழுகித் தர்ப்பணம் கொடுத்து முடித்தவர்கள் அவசரப்பட்டவர்கள்! நிலா அப்போது பூமிக்குக் கிட்டத்தில் இருந்து வேகமாக ஓடியதால், திதியும் 21 மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. நிலா தூரத்தில் மெதுவாகப் போகும்போது 26 மணி வரைகூட இழுக்கும்.

ஒன்று மட்டும் கவனி. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடும். திதி அபராஹ்னத்தின் ஓரத்தில் பிறந்தாலோ முடிந்தாலோ இரண்டும் இரண்டு நாளைக் காட்டலாம். அப்போது உங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து எது வழக்கமோ அதைப் பிடித்துக்கொள்; இரண்டையும் கலக்காதே.

அடுத்த வருஷத்துக்கு இந்தச் சண்டையே வராது. வருஷத்துக்குப் பதினோரு நாள் பின்னால் போகும் என்று கணக்குப் போட்டு, இந்த 2026 ஜனவரி 18ஐ வைத்து ஜனவரி 7 என்று எழுதியிருக்கிறாய். அது மார்கழி அமாவாசை, தையே பிறந்திருக்காது. அதற்கடுத்ததுதான் தை அமாவாசை: 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமை. பகல் முழுக்கத் திதி உண்டு, இரவு ஒன்பதரைக்குச் சற்று முன்னால்தான் முடிகிறது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடு. எள் இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

உன்,
சேகர்