மெச்சூரிட்டி பணத்துல ₹6,000 குறையுது, நோட்டீஸ்ல வேற, பேங்க்ல வேற: புகார்

பெறுநர்: குறை தீர்க்கும் அலுவலர், ஆயுள் காப்பீட்டு நிறுவனம்
அனுப்புநர்: பாலிசிதாரர், காட்பாடி, வேலூர் மாவட்டம்

வணக்கம் சார் / மேடம்,

2014 நவம்பர்ல உங்ககிட்ட ஒரே தடவை பிரீமியம் கட்ற பாலிசி எடுத்தேன், கட்டுனது ₹3,00,000, சம் அஷ்யூர்டு ₹3,75,000. போன நவம்பர்ல, அதாவது 2024ல, மெச்சூர் ஆச்சு. போனஸோட சேத்து ₹5,40,000. இந்த தொகையில எனக்கு எந்த பிரச்சனையும் இல்ல. டாக்ஸ் பிடிச்சதும் நியாயம்தான், ஏன்னா பிரீமியம் சம் அஷ்யூர்டுல 10 சதவீதத்த தாண்டிட்டா அந்த மெச்சூரிட்டிக்கு 10(10டி) விலக்கு கிடையாது, என்னுது 80 சதவீதம். அதனால இது ஏன் பிடிச்சீங்கன்னு கேக்கற லெட்டர் இல்ல. பிடிச்சதுல ஒரு பங்கு எங்க போச்சுன்னு கேக்கறேன்.

நீங்க அனுப்புன செட்டில்மென்ட் லெட்டர்ல டிடிஎஸ் ₹4,800, நிகரத் தொகை ₹5,35,200ன்னு போட்டிருக்கு. கணக்கு சரிதான், 194டிஏ பிரிவுல லாபத்துக்கு மட்டும்தான் டாக்ஸ், 5,40,000ல கட்டுன 3,00,000 போனா 2,40,000, அதுல 2 சதவீதம் 4,800. ஆனா என் பேங்க் ஸ்டேட்மென்ட்ல நெஃப்ட்ல வந்து விழுந்தது ₹5,29,200. ஆறாயிரம் குறையுது.

ரிட்டர்ன் போடறதுக்காக ஸ்டேட்மென்ட வரி வரியா டிக் அடிக்கும்போதுதான் இது தெரிஞ்சுது. அதே மாசம் ஒரு கம்பெனி டிவிடெண்டும் வந்திருந்துது, 800 ஷேர், ஷேருக்கு ₹9, மொத்தம் 7,200, 10 சதவீதம் 720 போக கைக்கு 6,480. அவங்க மெயில்ல இருந்ததுதான் பேங்க்லயும் வந்துது, 26ஏஎஸ்லயும் 7,200, 720ன்னு அப்படியே நிக்குது. மூணு இடமும் ஒட்டுது. உங்களுதுல லெட்டரும் 26ஏஎஸ்ஸும் ஒட்டுது (2,40,000க்கு 4,800), பேங்க் மட்டும் ஒட்டல.

வேலூர் பிராஞ்ச்ல கேட்டா ஒருத்தர் "பான் ஆதார் லிங்க் ஆகாம இருக்கும் சார்"ன்னாரு. லிங்க் ஆகியிருக்கு, ஆகலன்னா 20 சதவீதம், ₹48,000 போயிருக்கும். இன்னொருத்தர் பழைய ரேட் 5 சதவீதத்துல பிடிச்சிருப்பாங்கன்னு சொன்னாரு, அந்த ரேட் 2024 அக்டோபர் 1லயே 2 சதவீதமா மாறிடுச்சு, அப்படியே பழசுல பிடிச்சிருந்தாலும் 12,000 போயி 5,28,000 வந்திருக்கணும், அதுவும் இல்ல. பாலிசி மேல லோன் எதுவும் கிடையாது, உங்க லெட்டர்லயே அந்த இடத்துல பூஜ்யம்தான் போட்டிருக்கு.

நான் ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறவன், இந்த 6,000 என்னன்னு எனக்கு புரியுது. மொத்தம் 5,40,000க்கு 2 சதவீதம் போட்டா 10,800. 5,40,000ல 10,800 போனா கரெக்டா 5,29,200. அதாவது பணம் அனுப்புற இடத்துல நான் கட்டுன பிரீமியத்தயும் சேத்து டாக்ஸ் பிடிச்சிருக்காங்க, அந்த மூணு லட்சத்துக்கு 2 சதவீதம்தான் இந்த ஆறாயிரம். லெட்டர் அடிக்கற இடத்துலயும் டிடிஎஸ் ஸ்டேட்மென்ட் போடற இடத்துலயும் லாபத்துக்கு மட்டும் கணக்கு பண்ணியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல.

"ரிட்டர்ன்ல காட்டி ரீஃபண்ட் வாங்கிக்கோங்க"ன்னு பிராஞ்ச்ல சொல்லி அனுப்பறது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு சார். 26ஏஎஸ்ல இருக்கறது 4,800, நான் 10,800ன்னு கிளெய்ம் பண்ணா மீதிக்கு கிரெடிட் தர மாட்டாங்க, மேட்ச் ஆகலன்னு நோட்டீஸ் வரும். கவர்மென்ட்டுக்கே போகாத பணத்த கவர்மென்ட்கிட்ட எப்படி கேக்கறது? நான் போன இடத்துலெல்லாம் படிக்காதவங்க, வயசானவங்க நிறைய பேர் நிக்கறாங்க, அவங்க யாரும் இந்த மூணு பேப்பரயும் பக்கத்துல வெச்சு பாக்கப்போறதில்ல, அந்த மாசம் மெச்சூர் ஆன மத்த சிங்கிள் பிரீமியம் பாலிசியெல்லாம் எப்படி போச்சோன்னு நெனச்சா மனசு கேக்கல. அதயும் தயவுசெஞ்சு செக் பண்ணுங்க.

எனக்கு வேண்டியது இதுதான். ₹6,000 உங்ககிட்டயே இருந்தா என் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, மெச்சூர் ஆன தேதியிலருந்து வட்டியோட, லேட்டா குடுக்கறதுக்கு பேங்க் ரேட்டோட 2 சதவீதம் சேத்து தரணும்னு ஐஆர்டிஏஐ விதி இருக்கு. ஒருவேளை 10,800ம் வரியா கட்டிட்டு ஸ்டேட்மென்ட்ல மட்டும் 4,800 காட்டியிருந்தா, 2024 அக்டோபர் - டிசம்பர் காலாண்டு 26க்யூவுக்கு திருத்தம் போட்டு, புது 16ஏ குடுங்க, நான் ரிட்டர்ன்ல பாத்துக்கறேன். ரெண்டுல எதுன்னு எழுத்துல சொல்லணும், போன்ல வேண்டாம்.

செட்டில்மென்ட் லெட்டர், ஸ்டேட்மென்ட் பக்கம், 26ஏஎஸ், நீங்க குடுத்த 16ஏ நாலும் இதோட இருக்கு. ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா பீமா பரோசா போர்ட்டல்ல பதிவு பண்ணுவேன், ஒரு மாசம் தாண்டுனா சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போவேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்
காட்பாடி