‘எ’யா ‘அன்’னா என்பது இரண்டாவது கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் ஆங்கிலப் பக்கத்தில் ஒரு வாசகர் அனுப்பிய வாக்கியத்தைத் திருத்திப் போட்டிருந்தீர்கள். அவர் எழுதியது, ‘வி ரிசீவ்டு அன் யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்’. ‘யூஸ்ஃபுல்’ உயிரெழுத்தில் தொடங்கினாலும் உச்சரிக்கும்போது ‘யூ’ என்று யகர ஒலிதான் முதலில் வருகிறது, அதனால் ‘எ யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்’ என்று எழுத வேண்டும் என்பது உங்கள் திருத்தம். ஒலியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் திருத்திய பிறகும் வாக்கியம் தப்பாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் ‘எ’யும் வரக்கூடாது, ‘அன்’னும் வரக்கூடாது. ‘வி ரிசீவ்டு யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்’, அவ்வளவுதான். ‘சம்’ வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

இது உங்கள் பக்கத்தில் மட்டும் நடப்பதில்லை, பல இலக்கணப் பாடங்களும் ஒலியில்தான் ஆரம்பிக்கின்றன. ஒலி என்பது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆர்ட்டிகிள் எந்தப் பெயர்ச்சொல்லுக்குச் சொந்தம், அந்தப் பெயர்ச்சொல் இந்த வாக்கியத்தில் என்ன பொருளில் வருகிறது, அந்தப் பொருளில் ஆங்கிலம் அதை எண்ணுமா எண்ணாதா என்பது. எண்ணாது என்றால் ‘எ’, ‘அன்’ இரண்டுக்கும் பெரும்பாலும் வேலையே இல்லை.

அதே வாசகரின் வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். ‘வி ரிசீவ்டு அன் யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன் ஃப்ரம் எ ரிசர்ச் டீம் தட் ஹேஸ் அன் எக்ஸ்பீரியன்ஸ் இன் திஸ் வொர்க்.’ இதில் மூன்று ஆர்ட்டிகிள்கள் இருக்கின்றன. முதலாவதைத் தாங்கும் பெயர் ‘இன்ஃபர்மேஷன்’. ஆங்கிலத்தில் அது எண்ண முடியாத பெயர், ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று பன்மை கிடையாது, ஆகவே ‘அன்’ போகிறது. இரண்டாவதில் பலர் தடுமாறுவார்கள். ‘ரிசர்ச்’ எண்ண முடியாத சொல்லாயிற்றே, அப்படியானால் அந்த ‘எ’யையும் எடுத்துவிட வேண்டாமா? வேண்டாம். அங்கே தலைமைப் பெயர் ‘டீம்’. ‘ரிசர்ச்’ அதற்கு அடைமொழியாக முன்னால் நிற்கிறது. டீமை எண்ணலாம், அதனால் ‘எ’ இருக்கட்டும். ‘அன் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்’, ‘அன் அட்வைஸ் காலம்’, ‘எ ஃபர்னிச்சர் ஷாப்’, ‘எ நியூஸ் ஐட்டம்’ எல்லாம் சரியாக இருப்பது இதனால்தான். இப்படிப் பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கும் தொடரில் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ இரண்டு மாதிரியும் வரும். நடந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் எண்ணலாம், ‘இட் வாஸ் அன் அன்ஃபர்கெட்டபிள் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று தாராளமாக எழுதலாம். வேலை செய்து செய்து வந்த தேர்ச்சி என்றால் எண்ண முடியாது. இந்த வாக்கியத்தில் தேர்ச்சியைத்தான் சொல்கிறோம், எனவே ‘தட் ஹேஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. ‘வொர்க்’கும் இதே ரகம். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ வொர்க்’ என்றால் வேலை தேடுகிறேன் என்று பொருள் வராது, அதற்கு ‘எ ஜாப்’ அல்லது வெறும் ‘வொர்க்’ வேண்டும். ‘எ வொர்க் ஆஃப் ஆர்ட்’ என்பது போல ஒரு படைப்பைச் சொல்லும்போது ‘எ’ வரும். ‘பேப்பர்’ தாளைக் குறித்தால் எண்ணாது, செய்தித்தாளையோ ஆய்வுக்கட்டுரையையோ குறித்தால் எண்ணும். ஆகவே சொல்லை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பாதி இடங்களில் கைவிட்டுவிடும்.

அப்படியானால் எண்ணுமா எண்ணாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொருளை வைத்து ஊகிக்காதீர்கள். தகவல்கள், அறிவுரைகள், செய்திகள் என்று நாம் சரளமாகப் பன்மை போடுகிறோம், அந்தப் பழக்கத்தோடு போனால் ‘அன் அட்வைஸ்’ என்பது சரியாகத்தான் தோன்றும். கற்போருக்கான ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக C அல்லது U என்று குறித்திருப்பார்கள், முன்னது எண்ணக்கூடியது, பின்னது எண்ண முடியாதது. நீங்கள் எழுதுகிற பொருளுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், முதல் வரியோடு நிறுத்தினால் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ மாதிரி சொற்களில் மாட்டிக்கொள்வோம்.

போன இதழின் அதே ஆங்கிலப் பக்கத்தில் கீழே பெட்டிச் செய்தியாக, ‘முன்னால் ஒரு பெயரடை வந்தால் எண்ண முடியாத பெயருக்கும் எ போடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. இதைத்தான் என்னால் விட முடியவில்லை. ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்’ என்பதைப் பார்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சரியான ஆங்கிலம்தான். ‘எ குட் எஜுகேஷன்’, ‘எ டீப் டிஸ்ட்ரஸ்ட்’ இவையும் சரி. மனநிலை, உணர்வு, அறிவு சம்பந்தப்பட்ட சில சொற்கள், இன்ன வகை என்று குறுக்கிச் சொல்லும்போது ‘எ’யை ஏற்கும், ஆனாலும் பன்மை ஆகாது. ‘குட் நாலெட்ஜஸ்’ என்று யாரும் எழுத முடியாது. அகராதியில் இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ‘சிங்குலர்’ என்றும் ஒரு குறிப்பு இருக்கும், அதுதான் அடையாளம். இந்தச் சலுகை எல்லாச் சொற்களுக்கும் கிடையாது. ‘எ குட் அட்வைஸ்’, ‘அன் இம்பார்ட்டன்ட் இன்ஃபர்மேஷன்’, ‘எ கிரேட் ப்ராக்ரஸ்’, ‘எ பியூட்டிஃபுல் வெதர்’ எல்லாம் எத்தனை பெயரடை போட்டாலும் தப்பு. ‘சச் எ யூஸ்ஃபுல் அட்வைஸ்’ என்பதும் அப்படியே, ‘சச் யூஸ்ஃபுல் அட்வைஸ்’ என்றால்தான் சரி. பேச்சு வேகத்தில் இந்த ‘எ’ வந்து ஒட்டிக்கொள்வதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

ஒன்று என்று எண்ணிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், எண்ணக்கூடிய ஒரு சொல்லை நடுவில் கொண்டுவர வேண்டும். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘அன் ஐட்டம் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்பது போல. ஒலி விதிக்கு இங்கேதான் வேலை வருகிறது, அதுவும் ஆர்ட்டிகிளை ஒட்டி அடுத்து வரும் சொல்லுக்குத்தான். ‘எ யூஸ்ஃபுல் பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’, ஆனால் ‘அன் இம்பார்ட்டன்ட் பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’. ‘ஆனஸ்ட்’ என்பதில் முதல் எழுத்து ஒலிக்காததால் ‘அன் ஆனஸ்ட் பீஸ் ஆஃப் அட்வைஸ்’. நீங்கள் ‘யூஸ்ஃபுல்’ பற்றி எழுதிய விளக்கத்தை இந்த இடத்தில் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. (‘தி’ வருவது வேறு கணக்கு. ‘தி இன்ஃபர்மேஷன் யூ சென்ட்’ என்று குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது எண்ண முடியாத பெயருக்கும் அது வரும், அதை இதோடு கலக்க வேண்டாம்.)

அடுத்த இதழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பெட்டிச் செய்தியையும் சேர்த்துத் திருத்துங்கள், முடிந்தால் அதைத்தான் முதலில். ‘எ யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்’ ஒரே ஒரு தப்பு, அந்தப் பெட்டியில் உள்ள வரியை நம்பி எழுதுகிறவர் ‘எ குட் அட்வைஸ்’, ‘எ நியூ எக்விப்மென்ட்’, ‘எ ஹெவி லக்கேஜ்’ என்று எழுதிக்கொண்டே போவார்.

இப்படிக்கு,
உங்கள் ஆங்கிலப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகர்